ஒரே கோரை, இரண்டு பாய், இரண்டு பேச்சு

திருநெல்வேலிப் பக்கம் பாய்க்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்று, இயந்திரத்தில் நெய்த சாதாரணக் கோரைப்பாய். விலை 350 ரூபாய். இன்னொன்று, பத்தமடையில் கையால் நெய்த நைஸ் பாய். கல்யாணத்துக்குச் சீராகக் கொடுப்பது. சொன்னால் பெண், மாப்பிள்ளை பெயரையும் பாயிலேயே நெய்து தருவார்கள். விலை 6,500.

பின்னாலேயே குரல் பதிவும் வந்தது. "அக்கா, ஒரே குழப்பமா இருக்கு. 350 ரூபா பாய் போட்டோவுக்குக் கீழ எழுதுனதைப் படிச்சிட்டு, 'இது ஏதோ பெரிய இடத்துச் சாமான்'னு நினைச்சு ஆளுங்க கேக்காமலே போயிடுறாங்க. 6,500 ரூபா பாயைப் பார்த்துட்டு, 'கடைசி விலை சொல்லுங்க, 2,000-க்கு வருமா'ன்னு கேக்குறாங்க. நான் எங்கக்கா தப்பு பண்ணுதேன்?"

அவர் என்ன எழுதியிருந்தார் என்று பார்த்தேன். இதுதான்:

"பாரம்பரியம் மிக்க உன்னதமான கோரைப்பாய்!!! இயற்கையான குளிர்ச்சி தரும்!! உடல் நலத்துக்கு உகந்தது!! நீடித்து உழைக்கும்!!! சிறந்த தரம், மலிவான விலை!!!"

இரண்டு பாய்க்கும் இதே வரிகள். விலை மட்டும் வேறு. 'பாரம்பரியம்', 'உன்னதம்' என்ற சொற்களைப் பார்த்து 350 ரூபாய்க்காரர் ஒதுங்கிவிட்டார். 'மலிவான விலை' என்பதைப் பார்த்து 6,500 ரூபாய்க்காரர் பேரம் பேச வந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மலிவு என்று கடைக்காரரே சொன்ன பிறகு, எவ்வளவு மலிவு என்று கேட்பதுதானே முறை?

அவருக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டேன். "கடைக்கு நேரில் ஆள் வந்தால் இந்த இரண்டு பாயையும் எப்படிக் காட்டுவீங்க?"

தம்பி யோசிக்காமல் சொன்னார். சாதாரணப் பாய் கேட்டு வருபவருக்கு, அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, தரையில் படக்கென்று உதறி விரிப்பாராம். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "தடவிப் பாருங்க, சிராய் குத்தாது" என்பாராம். ஓரத்தைத் திருப்பித் தையலைக் காட்டி, "இது பிரியாது" என்பாராம். ஒரு நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும். கல்யாணப் பாய் கேட்டு வருபவரை முதலில் உட்காரச் சொல்வாராம். உள்ளேயிருந்து துணி உறையோடு பாயை எடுத்துவந்து, உறையைப் பிரித்து, மெதுவாக உருட்டி விரிப்பாராம். விரித்த பிறகு ஒன்றும் பேசமாட்டாராம். அவர்களாகத் தொட்டுப் பார்த்து, "இது கோரையா, துணியா?" என்று கேட்கும்வரை காத்திருப்பாராம்.

தொனி என்றால் இதுதான். கையில் இருக்கிற இந்தப் பழக்கம் எழுதும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது. எழுத உட்கார்ந்தாலே நமக்கெல்லாம் மேடையில் ஏறிய நினைப்பு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

முதல் வேலையாக, இரண்டு பாய்க்கும் பொதுவான உண்மைகளை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அலங்காரம் கூடாது, ஆச்சரியக்குறி கூடாது. அவர் அனுப்பியது: நெய்தது கோரைப்புல்லில், குறுக்கே ஓடும் நூல் பருத்தி, அளவு ஆறுக்கு மூன்று அடி, படுத்தால் சூடு ஏறாது, புதிதில் புல் வாசனை வரும், ஈரம் பட்டால் கரும்புள்ளி விழும், மடித்து வைத்தால் மடிப்பில் கோடு விழும், சுருட்டித்தான் வைக்கவேண்டும்.

இதில் ஒரு திருத்தம் சொன்னேன். பாயில் நூல் பாவாக நீளவாட்டில் ஓடும், கோரைதான் ஊடையாகக் குறுக்கே போகும். "ஆமாக்கா, அவசரத்துல மாத்தி எழுதிட்டேன்" என்றார். பரம்பரையாகப் பாய் விற்பவருக்கே எழுதும்போது இப்படி ஆகிறது. அதனால்தான் தொனியைப் பற்றி யோசிக்கும் முன் உண்மைகளைத் தனியாக எழுதிச் சரிபார்க்க வேண்டும் என்கிறேன். 'உடல் நலத்துக்கு உகந்தது' அந்தத் தாளில் இல்லை என்பதையும் கவனித்தேன். அதை எதைக்கொண்டு நிரூபிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. அடித்துவிட்டோம்.

இனி ஒவ்வோர் உண்மையையும் எடுத்து, எந்த வாங்குபவர் அதை எந்தக் கவலையோடு படிப்பார் என்று பார்க்கவேண்டும். 350 ரூபாய் கொடுப்பவரின் கவலை, காசு வீணாகிவிடக் கூடாது என்பது. ஆறு மாதத்தில் பிய்ந்துவிடுமா, இதைவிடப் பிளாஸ்டிக் பாய் வாங்கியிருக்கலாமோ என்பதுதான் அவர் மனதில் ஓடும். 6,500 கொடுப்பவருக்குப் பாய் உழைக்குமா என்பது இரண்டாவது கவலைதான். சபையில் கொடுக்கும்போது 'பாய்தானே' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான் முதல் கவலை. ஏன் இவ்வளவு விலை என்று சம்பந்தி வீட்டில் கேட்டால் சொல்வதற்கு அவர் கையில் ஒரு பதில் வேண்டும்.

குளிர்ச்சியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பாய்க்கும் உண்மை ஒன்றுதான். 350 ரூபாய் பாய்க்கு நாங்கள் எழுதியது: "வெயில் காலத்தில் விரித்துப் படுத்தால் பிளாஸ்டிக் பாய்போல முதுகில் ஒட்டாது." இவர் ஒப்பிடும் பொருள் பிளாஸ்டிக் பாய். ஆகவே அந்தப் பெயரையே நேராகச் சொல்லிவிட்டோம். அதே உண்மை கல்யாணப் பாயில் இப்படி வந்தது: "கோடையில் தொட்டுப் பார்த்தாலும் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்." இங்கே முதுகும் இல்லை, வேர்வையும் இல்லை. கல்யாணச் சீர் பற்றிய பேச்சில் வேர்வை வந்தால் நன்றாக இருக்காது. பிளாஸ்டிக் என்ற சொல்லும் கூடாது. விலை உயர்ந்த பொருளை மலிவான பொருளோடு ஒப்பிட்ட உடனே, வாங்குபவர் மனதில் மலிவான பொருளின் விலை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது புல் வாசனை. பலர் இதைக் குறையாக நினைத்து மறைக்கிறார்கள். மறைத்தால் பாயைப் பிரித்த அன்றே போன் வரும். சாதாரணப் பாய்க்கு: "புதுசுல புல் வாசனை வரும். நாலைந்து நாள் நிழலில் காற்றாட விரித்து வைத்தால் குறைந்துவிடும்." இது ஓர் உதவி. என்ன வரும், என்ன செய்யவேண்டும் என்று சொல்லி முடித்துவிடுகிறது. கல்யாணப் பாய்க்கு: "உறையைப் பிரிக்கும்போது புதுக் கோரையின் வாசனை வரும். சில நாள் காற்றாட விரித்து வைத்தால் மெல்லத் தணியும்." உண்மை அதேதான், செய்யவேண்டியதும் அதேதான். ஆனால் முதல் வாக்கியத்தில் பாயை யாரோ பிரிக்கிறார்கள். அந்தக் காட்சி போதும். 'மனம் மயக்கும் மண்வாசனை' என்று எழுதியிருந்தால் பொய்யாகவும் இருக்கும், சோப்பு விளம்பரமாகவும் இருக்கும்.

தம்பி இங்கே ஒன்று கேட்டார். "அக்கா, அப்போ விலை கூடுன பொருளுக்குச் செந்தமிழ், குறைஞ்ச பொருளுக்குப் பேச்சுத்தமிழ். சரியா?"

பாதி சரி. தமிழில் தொனியை மாற்ற நமக்கு இருக்கும் பெரிய வசதியே பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான். 'சைஸ்' என்று எழுதினால் ஒரு கடை கண்ணுக்குத் தெரிகிறது. 'அளவு' என்று எழுதினால் வேறொரு கடை. 'வாஷ் பண்ணாதீங்க', 'தண்ணீரில் நனைக்க வேண்டாம்' என்ற இரண்டும் ஒரே செய்தி. ஆனால் இந்தத் தூரத்தில் இரண்டு முனைக்கும் போகக்கூடாது. கல்யாணப் பாய்க்கு 'கோரைப்புற்களால் நெய்யப்பெற்ற எழில்மிகு படுக்கை விரிப்பு' என்று எழுதினால் அது அரசு அறிவிப்புப் பலகை. காசுள்ளவர்கள் அப்படிப் பேசுவதில்லை. அவர்களும் வீட்டில் 'பாய்' என்றுதான் சொல்கிறார்கள். மறுபக்கம், 350 ரூபாய் பாய்க்கு 'செம பாய், அள்ளிட்டுப் போங்க மக்களே' என்று எழுதினால், வாங்குபவரைக் குறைத்துப் பார்ப்பதாக ஆகிவிடும். அவர் 350 ரூபாயை எண்ணிப் பார்த்துக் கொடுப்பவர். அவரிடம் வேடிக்கை பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. 'ஏழைகளுக்கு ஏற்றது', 'சாமானியர்களுக்காக' என்பதெல்லாம் இன்னும் மோசம். தன்னை ஏழை என்று எழுதி ஒட்டியிருக்கும் பொருளை யார் விரும்பி வாங்குவார்கள்?

சொற்களைவிட வாக்கியத்தின் நடைதான் வேலை செய்கிறது. சாதாரணப் பாயின் வரிகள் குட்டையாக, ஒரு வரிக்கு ஒரு செய்தியாக, எண்ணோடு இருக்கவேண்டும். கல்யாணப் பாயின் வரிகள் கொஞ்சம் நீளலாம், ஆனால் சொல்லும் விஷயம் குறைவாக இருக்கவேண்டும். நேரில் பாயை விரித்துவிட்டு அவர் பேசாமல் நிற்கிறாரே, எழுத்தில் அதற்கு ஈடு அதுதான்.

விலையை எழுதும் விதமும் அப்படியே. '350 ரூபாய் மட்டுமே' என்பதில் 'மட்டுமே' தேவையில்லை. அதற்குப் பதிலாக ஒரு கணக்கு சொல்லலாம். தினமும் விரித்துச் சுருட்டினால் இந்தப் பாய் எவ்வளவு நாள் வரும் என்று கேட்டேன். "ஓரம் பிரிய ஆரம்பிக்க ரெண்டு வருஷம் ஆகும்" என்றார். 350-ஐ 24 மாதத்தால் வகுத்தால் மாதம் 15 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. காசு வீணாகுமோ என்ற கவலைக்கு அது நேரான பதில். இதே கணக்கைக் கல்யாணப் பாய்க்குப் போட்டால் சிரிப்புதான் வரும். அதற்கு '6,500 ரூபாய்' என்று எழுதி நிறுத்திவிட வேண்டும். முன்னால் 'வெறும்' வேண்டாம், பின்னால் 'தள்ளுபடி' வேண்டாம், அடித்துவிட்ட பழைய விலையும் வேண்டாம்.

இப்போது ஈரத்தைப் பற்றிய விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் தம்பி ஏற்கெனவே ஒரு தடவை அடி வாங்கியிருக்கிறார். போன வருடம் ஒரு நைஸ் பாய்க்கு யாரோ நண்பர் எழுதிக் கொடுத்தாராம்: "இயற்கையோடு மூச்சு விடும் பாய், அதை அன்போடு பராமரியுங்கள்." சென்னையில் ஒருவர் வாங்கினார். கல்யாணம் முடிந்ததும் நெகிழிப் பையில் இறுக்கச் சுற்றி, மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டி நிறுத்தி வைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பிரித்தால் பாய் முழுக்கக் கரும்புள்ளி. பூஞ்சை. பணத்தைத் திருப்பிக் கேட்டார். தம்பி, "ஈரம் ஆகாதுன்னு எழுதியிருக்கோமே" என்றார். அவர், "எங்கே எழுதியிருக்கீங்க?" என்றார். உண்மையிலேயே எங்கும் எழுதவில்லை. 'அன்போடு பராமரியுங்கள்' என்பதிலிருந்து நெகிழிப் பையில் சுற்றக்கூடாது என்று யாருக்குப் புரியும்? பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாராம்.

விலை உயர்ந்த பொருளுக்கு எழுதும்போது அடிக்கடி நடக்கும் தவறு இது. குறை என்று தோன்றுவதை அழகான சொல்லால் மூடப்போய், செய்தியே காணாமல் போய்விடுகிறது. ஆகவே எச்சரிக்கை வரிகளுக்கு மட்டும் நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். தொனி எதுவானாலும், அந்த வரியில் கையால் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கவேண்டும். சாதாரணப் பாய்க்கு: "தண்ணீர் பட்டால் உடனே துடைத்து நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் கரும்புள்ளி விழும்." கல்யாணப் பாய்க்கு: "ஈரம் இதற்கு ஆகாது. துணி உறையிலேயே சுருட்டி வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை நிழலில் விரித்து எடுத்தால் கரும்புள்ளி வராது. நெகிழிப் பையில் வைக்க வேண்டாம்." கரும்புள்ளி என்ற சொல் இரண்டிலும் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லித் தம்பி கொஞ்சம் வாதாடினார். "கல்யாணப் பாய் பேச்சுல கரும்புள்ளி வேணுமாக்கா?" வேண்டும் என்றேன். விலை கூடக்கூட ஏமாற்றத்தின் அளவும் கூடும்.

மடிப்பு விஷயத்தில் இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. நைஸ் பாய் துணிபோல வளையும். அதைப் பார்த்து, புடவைபோல மடித்து பீரோவில் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மாதக்கணக்கில் மடிப்பிலேயே கிடந்தால் கோடு விழுந்துவிடும் என்று தம்பியின் அம்மா சொன்னாராம். அவர் நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். ஆகவே, "துணிபோல வளைந்தாலும் மடிக்காமல் சுருட்டியே வையுங்கள்" என்று சேர்த்தோம். சிறப்பும் எச்சரிக்கையும் ஒரே வரியில் வந்துவிட்டன.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. சாதாரணப் பாயின் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 'பத்தமடை பாணி' என்று போட்டிருந்தார். அந்தப் பாய் கரூர்ப் பக்கம் இயந்திரத்தில் நெய்து வருவது. அதில் கேவலம் ஒன்றுமில்லை. காவிரிக் கரையில் விளையும் கோரையில் ஊருக்கெல்லாம் பாய் போகிறது. ஆனால் பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருள். எங்கே பிறந்தது என்று வாங்குபவர் குழம்பும்படி எழுதினால், அது தொனி இல்லை, பொய். அதோடு, தன் 6,500 ரூபாய் பாயின் காலையும் அவரே வாரிவிடுகிறார். 350 ரூபாய்க்கே 'பத்தமடை' கிடைக்கும் கடையில் எவர் 6,500 கொடுப்பார்? "கரூர்ப் பாய்னே போட்டுக்கிடுதேன்" என்றார். சரி என்றேன்.

கல்யாணப் பாய்க்கு மட்டும் கூடுதலாக ஓர் உண்மை சேர்த்தோம். ஏன் இவ்வளவு விலை என்பதற்கான பதில் அது. கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, காயவைத்து, கத்தியால் நூல் அளவுக்குக் கீறி எடுத்த பிறகுதான் தறிக்குப் போகிறது. ஒரு பாய் முடிய வாரங்கள் ஆகும். சம்பந்தி வீட்டில் கேட்டால் அந்த வீட்டுக்காரர் சொல்லப்போவது இதைத்தான். எனவே அவர் வாயில் அப்படியே எடுத்துச் சொல்லக்கூடிய வாக்கியமாக அது இருக்கவேண்டும்.

கடைசியில் இரண்டும் இப்படி வந்தன.

350 ரூபாய் பாய்: "கரூர்க் கோரைப்பாய். இயந்திர நெசவு. கோரையும் பருத்தி நூலும். சைஸ் ஆறுக்கு மூன்று அடி, ஒருவர் தாராளமாகப் படுக்கலாம். வெயில் காலத்தில் பிளாஸ்டிக் பாய்போல முதுகில் ஒட்டாது. ஓரம் தைத்தது. தினமும் விரித்தாலும் ரெண்டு வருஷம் வரும். மாதம் 15 ரூபாய்கூட ஆகாது. புதுசுல புல் வாசனை வரும். நாலைந்து நாள் நிழலில் விரித்து வைத்தால் குறைந்துவிடும். தண்ணீர் பட்டால் உடனே துடைத்து நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் கரும்புள்ளி விழும். மடிக்காதீங்க, சுருட்டி வையுங்க. விலை 350 ரூபாய்."

கல்யாணப் பாய்: "பத்தமடையில் கையால் நெய்தது. ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்த கோரையைக் கத்தியால் நூல் அளவுக்குக் கீறி, பருத்திப் பாவில் நெய்கிறார்கள். ஒரு பாய் முடிய வாரங்கள் ஆகும். கோடையில் தொட்டுப் பார்த்தாலும் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பெண், மாப்பிள்ளை பெயர் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லுங்கள். உறையைப் பிரிக்கும்போது புதுக் கோரையின் வாசனை வரும். சில நாள் காற்றாட விரித்து வைத்தால் மெல்லத் தணியும். துணிபோல வளைந்தாலும் மடிக்காமல் சுருட்டியே வையுங்கள். ஈரம் இதற்கு ஆகாது. துணி உறையிலேயே வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை நிழலில் விரித்து எடுத்தால் கரும்புள்ளி வராது. நெகிழிப் பையில் வைக்க வேண்டாம். அளவு ஆறுக்கு மூன்று அடி. 6,500 ரூபாய்."

எழுதியது சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள் செய்யச் சொன்னேன். முதலில், இரண்டு எழுத்தையும் இடம் மாற்றி ஒட்டிப் பார்ப்பது. அப்போதும் பொருந்துகிறது என்றால் தொனி இன்னும் பிரியவில்லை. இவர் முதலில் எழுதியது அப்படித்தான் எங்கும் பொருந்தியது. இரண்டாவது இதற்கு நேர் எதிர். பாய் வியாபாரம் தெரியாத இரண்டு பேரிடம் ஆளுக்கொன்றைக் கொடுத்து, "பாயை எப்படி வைக்கணும், எது ஆகாது?" என்று மட்டும் கேட்பது. இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், தொனியை மாற்றும்போது உண்மை எங்கோ நழுவியிருக்கிறது.

தம்பி, கல்லூரியில் படிக்கும் தங்கையிடமும் பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியிடமும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். தங்கை கையில் கல்யாணப் பாய். "நனைக்கக் கூடாது, மடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் கவர்ல வைக்கக் கூடாது" என்றாளாம். அண்ணாச்சி கையில் சாதாரணப் பாய். "நனைஞ்சா காயவைக்கணும், சுருட்டி வைக்கணும்" என்றவர், நெகிழிப் பையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியாது, நாங்கள் அதில் எழுதவே இல்லை. விலை குறைந்த பாயை யார் பையில் சுற்றப்போகிறார்கள் என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். விருந்தாளிக்கென்று ஒரு பாயை வாங்கி, தூசு படாமல் பையில் போட்டுப் பரணில் வைக்கும் வீடுகள் எத்தனை! என் அம்மாவே அப்படித்தான் வைப்பார். "பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைக்காதீங்க" என்ற வரியை 350 ரூபாய் பாயிலும் சேர்க்கச் சொன்னேன்.

நேற்று மறுபடியும் ஒரு படம் வந்தது. இது மூன்றாவது பாய். கைத்தறிதான், ஆனால் கோரையை அவ்வளவு மெல்லிதாகக் கீறாதது. விலை 1,400. "இது யாருக்குன்னே எனக்குத் தெரியலக்கா. கொலுவுக்கு வாங்குதாங்க, வீட்டுல பெரியவங்களுக்கு வாங்குதாங்க, சில பேர் யோகா செய்ய வாங்குதாங்க" என்றார். மூன்று பேருக்கும் மூன்று கவலைகள் இருக்கும் என்பதால், கடைக்கு வந்து இந்தப் பாயை வாங்குபவர்கள் விரித்த உடனே முதலில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு பத்து நாள் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.